எந்த டப்பா, எந்த பேட்ச், அடுத்து என்ன?

2022 பிப்ரவரி 17 அன்று அமெரிக்காவில் கைக்குழந்தைகளுள்ள வீடுகளை ஓர் அறிவிப்பு உலுக்கியது. மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் நகர ஆலையில் தயாரான சிமிலாக், அலிமென்டம், எலிகேர் பால் பவுடர்களில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதாக அபாட் நிறுவனம் அறிவித்தது. அந்தப் பவுடரைக் குடித்த நான்கு குழந்தைகள் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகப் புகார் வந்திருந்தது. அவர்களில் ஒரு குழந்தையின் மரணத்துக்கு நோய்த்தொற்றும் காரணமாக இருந்திருக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொன்னது. ஆலைக்குள் எடுத்த மாதிரிகளில் குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா இருந்தது. பின்னர் நடந்த மரபணுச் சோதனையில், நோயாளிகளிடம் கிடைத்த கிருமியும் ஆலையில் கிடைத்த கிருமியும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அது பிறகு தெரிந்த செய்தி. அன்று இரவு பெற்றோருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்தான்: நம் வீட்டு டப்பாவைக் கொடுக்கலாமா, கூடாதா?

அந்தப் பதில் தமிழிலும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் குழந்தை பிறந்த தமிழ் வீடுகளில் உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருப்பது வழக்கம். அசதியில் தாய் உறங்கும்போது நள்ளிரவில் பால் கலப்பது பெரும்பாலும் அவர்தான். டப்பாவின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணையும் எழுத்தையும் அவரால் படிக்க முடியும். ஆங்கிலத்தில் நீளும் அறிவிப்பைப் படித்து, அதை டப்பாவோடு ஒப்பிட்டு முடிவெடுப்பதுதான் கடினம். ஆகவே இத்தகைய அறிவிப்பைத் தமிழாக்குபவர், அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே சரியான முடிவுக்கு வரும்படி எழுதித் தர வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்த்தால் அது நடக்காது. ஏன் என்பதற்கு இந்த அறிவிப்பே நல்ல சான்று.

எஃப்.டி.ஏ. சொன்ன விதி சுருக்கமானது. மேற்சொன்ன பவுடர்களில் மூன்று அடையாளங்களும் சேர்ந்து இருந்தால் அந்த டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. ஒன்று, எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 22 முதல் 37 வரை இருக்க வேண்டும். இரண்டு, டப்பாவில் அச்சான எண்ணில் K8, SH, Z2 ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். மூன்று, காலாவதி தேதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இந்த விதியில் தமிழுக்கு வரும்போது வழுக்கக்கூடிய இடங்கள் நான்கு.

முதல் இடம், மூன்றும் சேர வேண்டும் என்பது. அறிவிப்புகளில் நிபந்தனைகளைப் புள்ளி வைத்து அடுக்குவார்கள். புள்ளி வைத்த பட்டியலைப் பார்க்கும் கண், அதில் ஏதாவது ஒன்று ஒத்துப்போனாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப் படித்தால், 2022 ஏப்ரலுக்குப் பிறகு காலாவதியாகும் டப்பா எல்லாமே குப்பைக்குப் போகும். கடை அலமாரிகள் காலியாகத் தொடங்கிய காலத்தில் அது சிறிய இழப்பு அல்ல. ஆகவே பட்டியலுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, “மூன்றும் பொருந்தினால் மட்டும்” என்று எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது இடம் இதற்கு நேர் எதிரானது, இதைவிட ஆபத்தானதும்கூட. K8, SH, Z2 என்பவற்றில் ஒன்று இருந்தாலே போதும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கை பழக்கத்தில் “K8, SH, Z2 ஆகியவை இருந்தால்” என்று எழுதிவிடக்கூடும். தமிழில் அதற்கு மூன்றும் இருந்தால் என்று பொருள். ஒரு டப்பாவில் மூன்றும் ஒன்றாக வருவதில்லை என்பதால், எல்லா வீட்டு டப்பாவும் நல்ல டப்பாவாகிவிடும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருக்காது. சரிபார்ப்பவர் கண்ணிலும் படாது. “ஏதாவது ஒன்று” என்ற இரண்டு சொற்கள் இல்லாததால், தவிர்க்க வேண்டிய பவுடர் குழந்தையின் புட்டிக்குள் போகும்.

மூன்றாவது இடம் தேதி. எஃப்.டி.ஏ.யின் அறிவிப்பில் அது 4-1-2022 என்றும் இருந்தது. மாதத்தை முதலில் எழுதுவது அமெரிக்க வழக்கம். தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர் அதை ஜனவரி 4 என்றே படிப்பார். எண்ணால் எழுதிய தேதியை அப்படியே தமிழ் அறிவிப்பில் ஏற்றினால் எல்லை மூன்று மாதம் முன்னே நகர்ந்துவிடும். மாதத்தை எழுத்தில் எழுதி, அருகிலேயே டப்பாவில் காணப்படும் APR 2022 என்ற வடிவத்தையும் தந்துவிட்டால் குழப்பம் தீரும். “22 முதல் 37 வரை” என்பதிலும் இதே கவனம் வேண்டும். 37 சேருமா, சேராதா என்று யாரும் கேட்கும்படி விடக் கூடாது. “37-உம் சேர்த்து” என்று சொல்லிவிட வேண்டும்.

நான்காவது இடம் தேதியின் திசை. காலாவதியான பொருள்தான் கெட்ட பொருள் என்று எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. இந்த அறிவிப்பு சொல்வது அதற்குத் தலைகீழ்: நாள் மீதமிருக்கும் டப்பாக்கள்தான் இதில் மாட்டுகின்றன. அவசரமாக மொழிபெயர்ப்பவர் தம்மை அறியாமலேயே இதை “ஏப்ரலுக்கு முன் காலாவதியானவை” என்று திருத்திவிடக்கூடும். அவர் சரியாக எழுதினாலும் படிக்கும் பாட்டி, “இதற்குத்தான் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே” என்று நிம்மதியடைந்துவிடக்கூடும். அதனால் காலாவதி ஆகாவிட்டாலும் பயன்படுத்தக் கூடாது என்று தனி வரியில் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் மனதில் கொண்டு எழுதினால் அறிவிப்பின் முதல் பகுதி ஏறத்தாழ இப்படி அமையும்:

சிமிலாக், அலிமென்டம், எலிகேர் பால் பவுடர் வீட்டில் இருந்தால், டப்பாவின் அடியில் உள்ள எண்ணைப் பார்க்கும் வரை குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கீழே உள்ள மூன்றும் பொருந்தினால் மட்டும் அது திரும்பப் பெறப்படும் டப்பா:
1. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 22 முதல் 37 வரை (22, 37 இரண்டும் சேர்த்து).
2. அதே எண்ணில் K8 அல்லது SH அல்லது Z2, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது.
3. காலாவதி தேதி 2022 ஏப்ரல் (APR 2022) அல்லது அதற்குப் பிந்தைய மாதம்.

மூன்றும் பொருந்தினால், காலாவதி ஆகாவிட்டாலும் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த டப்பா இந்த அறிவிப்பில் இல்லை. திரவமாக வரும் பாலுக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது.

இதில் சில சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு மொழிபெயர்ப்புகளில் பேட்ச் எண்ணைத் ‘தொகுதி எண்’ என்று எழுதுவார்கள். டப்பாவில் அந்தப் பெயரில் எதுவும் இருக்காது. இந்திய மருந்துப் பெட்டியில் B. No. என்று இருக்கும், அமெரிக்கப் பொருளில் LOT என்று இருக்கும், சிலவற்றில் வெறும் எண் மட்டும் இருக்கும். எது கண்ணில் படுமோ அதை அப்படியே எழுதி, அது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். K8 என்பதை ‘கே8’ என்று மாற்றினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போகும். குரல் பதிவாக அனுப்பும்போது மட்டும் உச்சரிப்பு தேவை. Z என்பதைத் தமிழர்கள் ‘இசட்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஸீ’ என்பார்கள். ‘ஸீ டூ’ என்று கேட்பவர் C2 என்று ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

‘தன்னார்வத் திரும்பப் பெறல்’ என்ற தொடரும் பல அறிவிப்புகளின் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அரசு உத்தரவுக்குக் காத்திராமல் நிறுவனம் தானே முன்வந்து திரும்பப் பெறுகிறது என்பது அதன் பொருள். சட்டத்துறைக்கு அது முக்கியம். வாங்கியவரோ, விருப்பம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்வார். அதை அறிவிப்பின் கடைசியில் ஒரு வாக்கியமாக வைத்தால் போதும். அமெரிக்காவிலும் இந்தியாவின் மருந்து விதிகளிலும் திரும்பப் பெறல்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் முதல் வகுப்புதான் உயிருக்கு ஆபத்தானது. அதை ‘முதல் தரம்’ என்று தமிழாக்கினால் படிப்பவர் மனதில் எழும் எண்ணம் நேர்மாறாக இருக்கும். “மிகக் கடுமையான வகை” என்று எழுதினால் சரியாகிவிடும்.

அடுத்த பகுதி, செய்ய வேண்டியவை. இங்கே வினைச்சொல்லின் அழுத்தம் முக்கியம். “பயன்பாட்டைத் தவிர்க்கவும்” என்பது சர்க்கரை நோயாளியிடம் இனிப்பைக் குறைக்கச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் ஒலிக்கிறது. “கொடுக்காதீர்கள்” என்றால் ஐயமில்லை. டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வைக்கச் சொல்ல வேண்டும். எண் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கோ நிறுவனத்துக்கோ தெரிவித்துப் பணத்தைப் பெறும் வழியைச் சொல்ல வேண்டும். எண்ணைக் குறிக்காமல் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டால் எது பாதிக்கப்பட்டது என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூல அறிவிப்பில் இல்லாவிட்டாலும் தமிழ் வீட்டுக்கு இரண்டு வரிகள் கூடுதலாகத் தேவை. பவுடரை எவர்சில்வர் டப்பாவுக்கோ பிளாஸ்டிக் ஜாடிக்கோ மாற்றிவைப்பது நம்மிடம் பரவலான பழக்கம். அசல் டப்பா குப்பைக்குப் போனதோடு எண்ணும் போய்விடும். எண் தெரியாத பவுடரைக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கொதிக்கவைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்ற நம்பிக்கை. வெந்நீரில் கலந்தாலும் திரும்பப் பெறப்பட்ட பவுடரைக் கொடுக்கக் கூடாது என்ற வரி அதற்கு விடை. இப்படி வரி சேர்க்க நினைக்கும் மொழிபெயர்ப்பாளர், அறிவிப்பை வெளியிடும் நிறுவனத்திடமோ அதிகாரியிடமோ காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். அறிவிப்பின் எல்லையைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை கிடையாது.

டப்பாவைத் தனியே வைத்தாயிற்று, அழும் குழந்தைக்கு என்ன கொடுப்பது? 2022-இல் பால் பவுடர் தட்டுப்பாடு முற்றியபோது அமெரிக்க மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைப் பற்றித்தான். இருக்கும் பவுடரில் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்து நீட்டக் கூடாது. வீட்டிலேயே ஃபார்முலா தயாரிக்கக் கூடாது. பாட்டியின் மனம் இயல்பாகப் பசும்பாலை நாடும். பிறந்த சில மாதக் குழந்தைக்கு அதை மாற்றாகக் கொடுக்கக் கூடாது என்பதைத் தமிழில் தனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலிமென்டமும் எலிகேரும் சாதாரணப் பாலைச் செரிக்க முடியாத, ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கானவை. அவற்றைக் குடித்துவந்த குழந்தைக்கு வேறு பவுடர் மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

நோய் அறிகுறிகளைத் தமிழாக்குவது இன்னும் நுணுக்கமான வேலை. சரியாகப் பால் குடிக்காமை, சிணுங்கல், உடல் வெப்ப மாற்றம், மஞ்சள் காமாலை, முக்கி முனகி மூச்சு விடுதல், வழக்கத்துக்கு மாறான உடல் அசைவு என்று எஃப்.டி.ஏ. பட்டியலிட்டது. இதில் உடல் வெப்ப மாற்றத்தை ‘காய்ச்சல்’ என்று எழுதிவிடத் தோன்றும். பிறந்த குழந்தைக்குக் கடுமையான தொற்று ஏற்பட்டால் உடல் சுடவும் செய்யலாம், சில்லிட்டும் போகலாம். காய்ச்சல் என்று மட்டும் படித்தவர், கை கால் சில்லென்றிருக்கும் குழந்தையைப் போர்த்திப் படுக்கவைத்து விடியும் வரை காத்திருப்பார். “உடல் சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது” என்று எழுதினால் அந்த நேரம் வீணாகாது. மஞ்சள் காமாலைக்கும் “தோலும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாவது” என்று, பார்த்தால் தெரியும் வடிவில் எழுதிவிடலாம்.

பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, அபாட் இன்னொரு பவுடரைச் சேர்த்தது: சிமிலாக் பி.எம். 60/40, ஒரே ஒரு பேட்ச். சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைகளுக்காகத் தாது உப்புகளைக் குறைத்துத் தயாரிக்கப்படுவது அது. டப்பாவில் உள்ள எண் 27032K80. டப்பாக்கள் அடைத்துவந்த அட்டைப்பெட்டியில் உள்ள எண் 27032K800. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் தட்டச்சாளரோ திருத்துநரோ, கடைசிப் பூஜ்யம் கைத்தவறுதலாக விழுந்தது என்று நினைத்து நீக்கிவிடக்கூடும். நீக்கிவிட்டால் கிடங்கில் பெட்டியைப் பார்ப்பவருக்கு எண் பொருந்தாது. எந்த எண் டப்பாவுக்கு, எந்த எண் பெட்டிக்கு என்று ஒவ்வொன்றின் அருகிலும் குறிப்பதுதான் பாதுகாப்பு. எண்களைத் திரும்பத் தட்டாமல் மூலத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவதும், இன்னொருவர் ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படிக்க ஒப்பிடுவதும் இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாத இரு வேலைகள்.

பேட்ச் எண்ணுக்கும் தடையின் அகலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாடு 2025 அக்டோபரில் மிகக் கொடிய முறையில் பார்த்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மாநிலத்தில் இறந்த குழந்தைகள் 20-க்கும் மேல். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த SR-13 பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். தயாரிப்பு 2025 மே, காலாவதி 2027 ஏப்ரல் என்று அந்தப் பாட்டிலில் இருந்தது. இங்கும் தேதி தாராளமாக மீதமிருந்தது.

நச்சு இருப்பதாக அறிவிக்கப்பட்ட பேட்ச் SR-13. ஆனால் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது கோல்ட்ரிஃப் மருந்தின் விற்பனை முழுவதற்கும். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு, “SR-13 பேட்ச் கோல்ட்ரிஃப் மருந்துக்குத் தடை” என்று எழுதினால், வேறு பேட்ச் பாட்டில் வைத்திருப்பவர் தமக்குத் தடையில்லை என்று குழந்தைக்கு ஊற்றிவிடுவார். “கோல்ட்ரிஃப் எதையும் கொடுக்காதீர்கள்” என்பது முதல் வரியாகவும், எந்த பேட்ச்சில் என்ன கண்டறியப்பட்டது என்பது பின்னால் தனிப் பத்தியாகவும் வர வேண்டும். பால் பவுடர் அறிவிப்பில் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. இங்கே பாட்டிலின் பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது. எந்த வகை அறிவிப்பு என்று மொழிபெயர்ப்பாளர் தெளிந்த பிறகே முதல் வரியை எழுத முடியும்.

எழுதி முடித்த தமிழ் அறிவிப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தமிழிலிருந்து இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. அது விடுபட்ட சொல்லைக் காட்டும். படிப்பவர் தப்பாகப் புரிந்துகொள்வதைக் காட்டாது. அதற்கு நல்ல வழி, பயிற்சிக்காகச் சில எண்களை உருவாக்கி, அறிவிப்பை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது. மேலே எழுதிய பால் பவுடர் அறிவிப்புக்கு இப்படி ஐந்து சீட்டுகள் தயாரிக்கலாம்:

```
37145SH00   1JUL 2022
22610Z200   1APR 2022
38145K800   1JUL 2022
29640Z200   1MAR 2022
31518RB00   1SEP 2022
```

முதல் இரண்டும் திரும்பப் பெறப்படுபவை. அவை வேண்டுமென்றே எல்லை மேல் வைக்கப்பட்டவை: ஒன்று 37-இல் தொடங்குகிறது, மற்றது 22-இல் தொடங்கி ஏப்ரலிலேயே காலாவதியாகிறது. மூன்றாவது, 38 என்பதால் இல்லை. நான்காவது, மார்ச் என்பதால் இல்லை. ஐந்தாவதில் K8, SH, Z2 எதுவும் இல்லை. சீட்டைப் பிரிப்பவர் முதல் சீட்டை விட்டுவிட்டால் ‘வரை’ என்ற சொல் குழப்புகிறது. இரண்டாவதை விட்டால் தேதியின் எல்லை தெளிவாக இல்லை. ஐந்தையும் ஒதுக்கிவைத்தால் மூன்றும் சேர வேண்டும் என்பது எட்டவில்லை. ஐந்தும் நல்லவை என்றால் “ஏதாவது ஒன்று” காணாமல் போயிருக்கிறது. எந்தச் சீட்டில் பிழை வந்ததோ, திருத்த வேண்டிய வரியும் அதிலிருந்தே தெரிந்துவிடும். திருத்திய பிறகு அதே ஆளிடம் காட்டிப் பயனில்லை, இன்னொருவரிடம் காட்ட வேண்டும்.

அறிவிப்பு வெளியானதும் வாட்ஸ்ஆப் குழுக்களில் பரவத் தொடங்கும். பிப்ரவரி 17 அறிவிப்பைப் பகிர்ந்தவர்கள் எல்லாரும் 28-ஆம் தேதியின் சேர்க்கையையும் பகிர்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பி.எம். 60/40 டப்பா வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குப் பழைய படம் மட்டும் போய்ச் சேர்ந்தால், அது இன்னும் பட்டியலில் இல்லை என்றே அவர்கள் நம்புவார்கள். ஆகவே தமிழ் அறிவிப்பின் மேல் மூலையில் தேதி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். புதியதில் “பிப்ரவரி 17 அறிவிப்பும் தொடர்கிறது, அதோடு இந்த ஒரு பேட்ச் சேர்கிறது” என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும், பழைய மூன்று அடையாளங்களையும் மறுபடி முழுதாக அச்சிட வேண்டும். முந்தைய அறிவிப்பைப் பார்க்காதவர் கையிலும் இந்த ஒரு பக்கம் மட்டுமே கிடைக்கலாம்.